தனக்கே அனுப்பிய மின்னஞ்சல்: கண்டனூர் அக்கா கதையைப் பற்றி ஒரு சந்தேகம்

புதுவயல் · 3 ஆகஸ்ட் 2025, காலை 7.10

போன வாரம் அக்கா வாசித்த சிறுகதையைக் கேட்காதவர்களுக்குச் சுருக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவன், பழைய பாஸ்போர்ட் நகலைத் தேடி மின்னஞ்சலைக் குடைகிறான். 2006-இல் அவனே அவனுக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல் கிடைக்கிறது. உள்ளே ஊர் வீட்டின் சாவி விவரம். படித்து முடித்ததும் ஆளே மாறிவிடுகிறான்.

எனக்கு இது ஒட்டவில்லை. தனக்குத்தானே எழுதுகிறவன் 'நீ இப்போது எப்படி இருக்கிறாய், நினைத்ததைச் சாதித்தாயா' என்றுதான் எழுதுவான். சாவிக் கணக்கு எழுதுவானா? அதைப் படித்து ஒருவன் அழுவானா?

கண்டனூர் எழுத்து · 3 ஆகஸ்ட், காலை 9.25

எழுதுவான் தம்பி. நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

2004 முதல் மூன்று நான்கு வருஷம் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பிளாப்பியை நம்ப முடியாது, பென் டிரைவ் எல்லோரிடமும் கிடையாது. ஒரு தாளைப் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் ஸ்கேன் செய்து தன் முகவரிக்கே அனுப்பிக்கொள்வதுதான் வழி. மதிப்பெண் பட்டியல், ஜாதகம், விசா போட்டோ, பத்திர நகல் எல்லாம் அப்படித்தான் போகும். 'யாருக்கு அனுப்பணும்?' என்று கேட்டால், 'எனக்கேதான்' என்பார்கள். அதில் யாருக்கும் எந்த விசித்திரமும் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து முன்னோருக்குப் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தவர்கள் கிளம்பும் நாள் மாலையில் வருவார்கள். ராத்திரி திருச்சியில் விமானம். காருக்குள் பெட்டி ஏற்றியாகிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் சொன்னதை மறப்பதற்குள் தட்டி வைத்துவிடலாம் என்று அரை மணி நேரம் உட்காருவார்கள். என் கதைக்காரன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எதிர்காலத்துக்கு எழுத அவனுக்கு நேரமே இல்லை. தகப்பனாரான அப்பச்சி சொன்னதைக் குறித்துக்கொள்ள வந்தவன்.

அதனால்தான் அவன் மின்னஞ்சலில் அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. கதையில் வரும் பகுதியை அப்படியே போடுகிறேன்:

> வளவில் தென்வரிசை மூன்றாவது அறை நம்முடையது. உள்ளறைச் சாவியும் வெளியறைச் சாவியும் அப்பச்சியிடம். நாலாவது அறை பெரியவர்கள் வீட்டுப் பங்கு, பல வருஷமாகத் திறக்கவில்லை, பூட்டில் எண்ணெய் விடச் சொல்ல வேண்டும். பெரிய கதவுச் சாவி காவல்காரரிடம் ஒன்று, மேல வீட்டில் ஒன்று. இரண்டாம் கட்டில் ஓடு மாற்றியதற்கு நாம் கொடுத்த பணத்தைப் பங்காளிகளிடம் கேட்கக் கூடாது என்கிறார். அப்பச்சிக்கு இளைப்பு. மெத்தைப் படியில் பாதியில் நின்றார். கேட்கவில்லை, அடுத்த முறை கேட்க வேண்டும். முகப்புத் தூணில் கரையான் மருந்து அடித்த ரசீது மேசை இழுப்பறையில்.

அவ்வளவுதான். மறு வருஷம் அப்பச்சி போய்விடுகிறார். இவன் வந்து இறங்கிய அன்றே கூடப்பிறந்த ஆச்சியிடம், 'பக்கத்திலேயே இருந்தாய், எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா?' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுகிறான். அன்றோடு பேச்சு குறைந்துபோகிறது. பதினெட்டு வருஷம் கழித்து இந்த மின்னஞ்சல் கிடைக்கிறது. அப்பச்சிக்கு முடியவில்லை என்பதை முதலில் பார்த்தவன் அவன்தான். பூட்டு எண்ணெய்க்கும் கரையான் மருந்துக்கும் நடுவில் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

தேவகோட்டை ரஸ்தா · 3 ஆகஸ்ட், பகல் 1.50

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்காது. கூகுள் பழைய மின்னஞ்சலையெல்லாம் அழிக்கிறார்கள். 2023-இலேயே அறிவிப்பு வந்தது. 2006 மின்னஞ்சல் எங்கே இருக்கும்?

இன்னொன்று. மின்னஞ்சலின் தலைப்பகுதியைத் திறந்தால் எந்தக் கணினியிலிருந்து போனது என்று ஐ.பி. எண் இருக்கும். அதை வைத்து 'இது காரைக்குடியிலிருந்து அனுப்பியது' என்று அவன் கண்டுபிடிப்பதாக ஒரு காட்சி வைத்தால் கதை விறுவிறுப்பாகும்.

பழைய எழுத்துரு · 3 ஆகஸ்ட், இரவு 10.15

ரஸ்தா சொன்னதில் பாதி சரி. கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது கணக்கைப் பற்றி, தனித்தனி மின்னஞ்சலின் வயதைப் பற்றி அல்ல. இரண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத கணக்கை அழிப்பார்கள், அந்த வேலை 2023 டிசம்பரில் தொடங்கியது. தினமும் திறக்கிற கணக்கில் 2006 மின்னஞ்சல் சும்மா கிடக்கும். ஹாட்மெயில் என்றால் நானே நம்பமாட்டேன். அந்தக் காலத்தில் 2 எம்.பி.தான் இடம், முப்பது நாள் நுழையாவிட்டால் உள்ளே இருந்ததைத் துடைத்துவிடுவார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜி.பி. தருகிறோம் என்று வந்த பிறகுதான் 'எதையும் அழிக்க வேண்டாம்' என்ற பழக்கமே வந்தது. 2006-இல் யாராவது அழைப்பு அனுப்பினால்தான் சேர முடியும், ஆனாலும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அது எளிதாகக் கிடைத்தது. ஆகவே வருஷமும் சேவையும் பொருந்துகின்றன.

ஐ.பி. காட்சி வேண்டாம். ஹாட்மெயில் அந்தக் காலத்தில் `X-Originating-IP` என்று ஒரு வரி போட்டது. ஜிமெயிலில் உலாவி வழியாக அனுப்பினால் அனுப்பியவரின் எண்ணைக் காட்டுவதில்லை.

எனக்கு வேறொரு கேள்வி. 2006-இல் பிரவுசிங் சென்டரில் தமிழில் எழுதினான் என்றால், எந்த எழுத்துருவில்? கதையில் அவன் திறந்த உடனே படித்துவிடுகிறானே.

கண்டனூர் எழுத்து · 4 ஆகஸ்ட், காலை 6.50

ராத்திரி முழுக்க இந்தக் கேள்விதான். இது கதையையே வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது.

எங்கள் சென்டரில் முரசு அஞ்சல் இருந்தது. முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருள், சிங்கப்பூர் மலேசியாக்காரர்களுக்குக் கை பழகியது. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் விழும். இணைமதி எழுத்துருவில் நோட்பேடில் அடிப்பார்கள், அழகாகத் தெரியும். அதை எடுத்து மின்னஞ்சல் பெட்டியில் ஒட்டினால் கொக்கி கொக்கியாக மாறிவிடும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். அங்கே போய் மறுபடி நோட்பேடில் ஒட்டி எழுத்துருவை மாற்றிக்கொண்டால் தமிழாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இவன் அந்தக் கணினியை விட்டுப் பதினெட்டு வருஷமாகிறது. கையில் இருப்பது கைபேசி. அப்படியென்றால் அவன் முதலில் பார்ப்பது சாவியும் வளவும் அல்ல, வெறும் குப்பை.

பழைய எழுத்துரு · 4 ஆகஸ்ட், காலை 8.30

அதேதான். அது திஸ்கி, யூனிகோடுக்கு முன் புழங்கிய தமிழ்க் குறியாக்கம். 'தமிழ்' என்ற சொல் `¾Á¢ú` என்றும் 'சாவி' `º¡Å¢` என்றும் தெரியும். இதைப் பார்த்தால் சந்தோஷப்படலாம், ஏனென்றால் ஒவ்வொரு கொக்கியும் ஒரு தமிழ் எழுத்தோ துணைக்குறியோதான், எதுவும் தொலையவில்லை. திரும்பத் திரும்ப `à®` `à¯` என்று வந்தால் அது யூனிகோடுதான், படிக்கும் முறையை மாற்றினால் போதும். வரி முழுக்க `?????` என்றால் அனுப்பும்போதே எழுத்து போய்விட்டது, யாராலும் மீட்க முடியாது.

இன்னொரு லாபம் உங்களுக்கு. தேடல் பெட்டியில் 'சாவி', 'அப்பச்சி' என்று எத்தனை முறை தேடியிருந்தாலும் இந்த மின்னஞ்சல் அகப்படாது. உள்ளே இருப்பது வேறு எழுத்துகள் அல்லவா? பதினெட்டு வருஷம் அவன் கண்ணில் படாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் நகலுக்காக `from:me to:me` என்று தேடினால்தான் மேலே வரும்.

கண்டனூர் எழுத்து · 4 ஆகஸ்ட், காலை 8.55

இதை வைத்தே கதையின் முதல் பாதியைத் திரும்ப எழுதுகிறேன். `from:me to:me` நல்ல இடம். அந்தப் பட்டியலில் வருவதெல்லாம் ஸ்கேன் நகல்கள். நடுவில் ஒன்றுக்கு மட்டும் இணைப்பு இல்லை. `veedu` என்று தலைப்பு.

பள்ளத்தூர் ஆச்சி · 4 ஆகஸ்ட், பகல் 3.20

தங்கச்சி, என் பழைய யாகூ கணக்கில் எங்கள் ஐயா படைப்புக்கு எழுதிய கணக்கெல்லாம் இருந்தது. ஏழெட்டு வருஷமாகத் திறக்கவில்லை. அதை எப்படி எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள். இங்கே அதைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்?

கதையில் ஒரு இடம் இடிக்கிறது. உள்ளறைச் சாவி அப்பச்சியிடம் இருக்காது. சீர் சாமானும் பாத்திரமும் அங்கேதான் அடுக்கியிருக்கும், அந்தச் சாவி ஆத்தா இடுப்பை விட்டு இறங்காது. எங்கள் ஆத்தா குளிக்கப் போனால்கூட எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

பழைய எழுத்துரு · 4 ஆகஸ்ட், மாலை 5.05

ஆச்சி, யாகூ ஒரு வருஷம் திறக்காத மின்னஞ்சல் பெட்டியைக் காலி செய்துவிடும். ஏழெட்டு வருஷம் என்றால் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்துக் கணினி வீட்டில் கிடக்கிறதா? அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இறக்கி வைக்கும் பழக்கம் இருந்திருந்தால் `.dbx` என்று முடியும் கோப்புகள் இருக்கும். கிடைத்தால் இங்கே எழுதுங்கள்.

கண்டனூர் எழுத்து · 4 ஆகஸ்ட், இரவு 9.40

ஆச்சி சொன்னது என் கண்ணுக்குப் படாத விஷயம். நான் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை, அந்த வீடுகளுக்குப் பூ கொடுக்கப் போய் வளவு வரை பார்த்தவள். மாற்றிவிட்டேன்: 'வெளியறைச் சாவி அப்பச்சியிடம். உள்ளறைச் சாவி ஆத்தாவிடம்.' இப்படி மாறியதும் இன்னொன்றும் கிடைத்தது. ஆத்தாவுக்குப் பிறகு அந்தச் சாவி யாரிடம் வந்திருக்கும்? கூடப்பிறந்த ஆச்சியிடம்தான். வீட்டை விற்கலாம் என்று பங்காளிகள் கூடிப் பேசும் இந்த வருஷத்தில், அறையைத் திறக்க அவன் அவளிடம்தான் கேட்டாக வேண்டும். பேசாதவளிடம் பேச ஒரு காரணம் கதைக்குள்ளேயே வந்துவிட்டது.

புதுவயல் · 5 ஆகஸ்ட், காலை 7.30

இப்போது நம்புகிறேன் அக்கா. ஆனால் கைபேசியில் கொக்கியைப் பார்த்தவன் என்ன செய்வான்? அழித்துவிட்டுப் போய்விடுவானே.

கண்டனூர் எழுத்து · 5 ஆகஸ்ட், காலை 10.10

அழிக்க மாட்டான். அந்தக் கொக்கிகளின் சாயல் அவனுக்குத் தெரியும். அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் `¾Á¢ú` என்பதை அப்படியே படிக்கத் தெரிந்தவர்கள். என் சென்டருக்கு வரும் ஒருவர் எழுத்துருவை மாற்றாமலே பாதிக் கடிதத்தை வாசித்துவிடுவார், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இவன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, ஆனால் இது தமிழ் என்ற அளவுக்குத் தெரியும். இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி இருக்கிறது. எடுத்து ஒட்டி, திஸ்கி என்று தேர்ந்தால் யூனிகோடு வந்துவிடும். நண்பர் ஒருவர் சொல்லித் தருகிறார் என்று வைக்கிறேன்.

காலையில் நானே செய்து பார்த்தேன். சென்டரில் வேலை பார்த்த நாளில் எனக்கே அனுப்பிக்கொண்ட ஒரு குறிப்பு இன்னும் கிடக்கிறது, யார் யார் பாக்கி என்ற பட்டியல். மாற்றியதும் எல்லாம் தெளிவாக வந்தது, ஒன்றைத் தவிர. 'இளநீர்க் கடை' என்பது 'ளநீர்க் கடை' என்று வந்தது. 'இன்னும் தரவில்லை' என்பது 'ன்னும் தரவில்லை'. எங்கெல்லாம் சொல்லின் முதலில் இ வர வேண்டுமோ அங்கெல்லாம் அது இல்லை. ஏன்?

பழைய எழுத்துரு · 5 ஆகஸ்ட், பகல் 12.45

அருமை, அது பழைய நோய். திஸ்கியின் முந்தைய பதிப்பில் இ உட்கார்ந்த இடத்தின் எண் 173. அதே எண்ணை உலாவிகள் வேறு விதமாக வாசிக்கும்: வரி முடியும் இடத்தில் சொல்லை ஒடிக்க வேண்டுமானால் மட்டும் காட்ட வேண்டிய சிறு கோடு. மற்ற நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் திரையில் இ இருந்தும் தெரியாது, எடுத்து ஒட்டும்போது சில உலாவிகள் அதை விட்டுவிட்டும் வரும். இந்தத் தொல்லைக்காகவே 1.7 பதிப்பில் இ-க்கு 254-ஆம் இடத்தையும் கொடுத்தார்கள். உங்கள் சென்டரில் பழைய எழுத்துருவையே வைத்திருந்திருக்கிறார்கள். மி, தி போன்ற எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகாது, தனி இ மட்டும்தான் போகும்.

எடுத்து ஒட்டாமல் ஜிமெயிலில் அசல் செய்தியைக் கோப்பாக இறக்கினால் இ உள்ளேயே இருக்கும். இறக்கிய கோப்பில் கடிதப் பகுதி `=C2=BE` போலக் குறியாக்கத்தில் இருந்தால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். அப்புறம் லினக்ஸில் ஒரே வரி:

```
iconv -f UTF-8 -t WINDOWS-1252 veedu.txt | iconv -f TSCII -t UTF-8
```

முதல் பாதி கொக்கிகளைப் பழைய எண்களாக்கும், இரண்டாம் பாதி அந்த எண்களைத் தமிழாக்கும்.

கண்டனூர் எழுத்து · 5 ஆகஸ்ட், பகல் 1.05

செய்தேன். என் இளநீர்க் கடை திரும்பி வந்துவிட்டது.

கண்டனூர் எழுத்து · 5 ஆகஸ்ட், இரவு 11.30

மத்தியானத்திலிருந்து இந்த இ என்னை விடவில்லை. கதைக்குள் அந்த வரி என்ன ஆகும் என்று பாருங்கள். `¨ÇôÒ`. மாற்றினால் 'அப்பச்சிக்கு ளைப்பு'.

அவன் முதலில் சாவி விவரத்தைப் படிக்கிறான். 'ரண்டாம் கட்டு' என்பதை யோசிக்காமலே 'இரண்டாம் கட்டு' என்று படித்துவிடுகிறான். வீட்டு விற்பனைக்கு இந்தக் குறிப்பு உதவும், எந்த அறை யாருக்கு என்று தெளிவாக இருக்கிறது, பங்காளிகளுக்கு அனுப்பலாம் என்று சந்தோஷப்படுகிறான். 'ளைப்பு' இருக்கும் வரியை ஏதோ எழுத்துப் பிழை என்று தாண்டிப்போகிறான். மெத்தைப் படி, பாதியில் நின்றார், அடுத்த முறை கேட்க வேண்டும். என்ன கேட்க வேண்டும்? ஓடு மாற்றிய காசா? அதைத்தான் கேட்கக் கூடாது என்று மேலே இருக்கிறதே. அப்படியே விட்டுவிடுகிறான். மறுநாள் எம்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அந்த இ அவன் வாயில் வருகிறது.

போன வாரம் வாசித்த வடிவத்தில் அவன் படித்த உடனே உடைந்துபோனான். புதுவயல் தம்பிக்கு ஒட்டாமல் போனதும் அந்த இடம்தான். இப்போது ஒருநாள் இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த ஒருநாளில் அவன் அந்தக் குறிப்பை வைத்து விற்பனை வேலைகளைச் சுறுசுறுப்பாகப் பார்க்கிறான், இரண்டு பங்காளிகளுக்குப் போன் போடுகிறான், தூண் எத்தனை என்று காவல்காரரிடம் கேட்கிறான். அதையெல்லாம் விரிவாக எழுதப் போகிறேன்.

தேவகோட்டை ரஸ்தா · 6 ஆகஸ்ட், காலை 8.00

ஆனால் அசலில் இ இருக்கிறது என்று பழைய எழுத்துரு நிரூபித்துவிட்டாரே. கணினி தெரிந்த வாசகன், 'ஒரு வரி கட்டளையில் சரியாகிவிடுமே' என்று கேட்க மாட்டானா?

கண்டனூர் எழுத்து · 6 ஆகஸ்ட், காலை 8.40

கேட்கட்டும். அவன் கைபேசியில் ஒட்டிப் பார்த்தவன், லினக்ஸ் தெரிந்தவன் இல்லை. தெரிந்த வாசகருக்குக் கதையில் கூடுதலாக ஒன்று கிடைக்கும்: அவன் எழுதியது முழுசாக அங்கேயே இருந்தது.

பள்ளத்தூர் ஆச்சி · 6 ஆகஸ்ட், பகல் 4.10

பழைய கணினியை எடைக்குப் போட்டாகிவிட்டதாம், மகன் சொல்கிறான். சரி, போகட்டும்.

உன் கதையை இன்னொரு தடவை படித்தேன் தங்கச்சி. இளைப்பு விஷயம் எங்கள் வீட்டிலும் நடந்தது. மலேசியாவில் இருந்த என் தம்பி, 'நீ ஏன் சொல்லவில்லை ஆச்சி' என்று கேட்டான். நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அப்பச்சிதான். 'அவன் அங்கே வேலையில் இருக்கான், ஒண்ணும் சொல்லாதே' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அதைத் தம்பியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அப்பச்சி மேல் வருத்தம் வந்துவிடும். உன் கதையில் அந்த ஆச்சியும் அப்படித்தான் இருந்திருப்பாள். அவன் போன் செய்து மன்னிப்புக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அதை நீ எழுதவே இல்லை.

கண்டனூர் எழுத்து · 6 ஆகஸ்ட், இரவு 10.50

ஆச்சி, நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன்.

அவள் பக்கம் என் கதையில் இல்லவே இல்லை. அவனுக்கு ஒரு மின்னஞ்சல் சாட்சி இருக்கிறது. அவளிடம் அப்பச்சிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, அதை எந்தப் பெட்டியிலும் தேட முடியாது. உங்கள் விஷயத்தை எடுத்துக் கதையில் போட மாட்டேன், அது உங்களுடையது. ஆனால் அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்று வாசகருக்குக் கேள்வி எழும் அளவுக்காவது அவளை உள்ளே கொண்டுவர வேண்டும்.

புதுவயல் · 7 ஆகஸ்ட், காலை 7.15

போனில் பேசுவதைவிட அந்த மின்னஞ்சலை அப்படியே ஆச்சிக்கு அனுப்பிவிடலாமே அக்கா. 'நான் பார்த்தேன், நான்தான் கேட்கவில்லை' என்று அவனே எழுதியது அல்லவா?

பழைய எழுத்துரு · 7 ஆகஸ்ட், காலை 9.00

அனுப்பினால் எதை அனுப்புவான்? கொக்கியோடு அசலையா, இ இல்லாத மாற்றையா, தன் கையால் இ சேர்த்ததையா? சேர்த்துவிட்டால் அது 2006-இல் எழுதியது ஆகாது. நானாக இருந்தால் அசலைத்தான் அனுப்புவேன்.

கண்டனூர் எழுத்து · 7 ஆகஸ்ட், இரவு 9.20

சேர்த்துத்தான் அனுப்புவான். ஆச்சி வாசிக்க வேண்டும், அதுதான் அவனுக்குக் கணக்கு. அவளுக்குத் திஸ்கியும் தெரியாது, 173-உம் தெரியாது. ஒவ்வொரு இ-யாகத் தட்டிச் சேர்க்கிறான், 'இரண்டாம் கட்டு', 'இழுப்பறை', கடைசியாக 'இளைப்பு'. இப்படி எழுதிப் பார்த்தேன், அந்தப் பத்தி சரியாக அமைந்துவிட்டது.

பழைய எழுத்துரு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால் கீழே அசலையும் ஒட்டி விடுகிறான்.

பதில் வருவதையும் எழுதினேன், ஆனால் அது இன்னும் எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதைக்கு அவள் பதில் ஒரே வரி: 'உள்ளறைச் சாவி என்னிடம் இருக்கு, எப்ப வர்றே?' அவள் மன்னித்தாளா, விற்பனைக்குச் சம்மதித்தாளா, அப்பச்சி சொன்னதைச் சொல்லப் போகிறாளா, எதுவும் இதில் இல்லை. பள்ளத்தூர் ஆச்சி இந்த வரியைப் பார்த்துவிட்டு, ஒரு ஆச்சி இப்படித்தான் பதில் போடுவாளா என்று சொன்னால் நல்லது. அதன்பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவேன்.

பள்ளத்தூர் ஆச்சி · 8 ஆகஸ்ட், காலை 6.30

போடுவாள். ஆனால் 'சாப்பிட்டியா' என்று முதலில் கேட்டுவிட்டுத்தான்.